நடைபிணங்கள் யாருக்குச் சொந்தம்?

எங்கள் ஜோகுபாளையத் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குப் போய் வந்த மாலைகளில் பேரனுக்குப் பெரியபுராணக் கதைகள் சொல்வது அவர் வழக்கம். பேரன் பத்தாம் வகுப்பு. நண்பர்களோடு பகடை உருட்டி ஆடும் மிகுபுனைவு விளையாட்டில் அவன் ஒரு மந்திரவாதி. அண்மையில் ஒரு நாள் பாட்டி பூம்பாவை கதையைச் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "எலும்பையும் சாம்பலையும் வச்சு செத்தவங்கள எழுப்பினா அது நெக்ரோமான்சிதானே பாட்டி? அப்ப சம்பந்தர் பண்ணினதும் அதானே?"

பாட்டிக்குக் கோபம் வந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அவர் கூப்பிட்டாரு, அவ வந்தா. கட்டியா இழுத்தாரு?"

கதைகளில் மந்திரம் என்பதைப் பற்றி ஆய்வு செய்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் பல கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். நெக்ரோமான்சி என்ற சொல்லை நம் பழைய வழக்கில் பிணமெழுப்பும் வித்தை என்று சொல்லலாம். அது ஏன் எப்போதும் 'கரிய' மந்திரமாகவே கருதப்படுகிறது? தீயை வரவழைத்து ஓர் ஊரையே எரிப்பவன் கதைநாயகனாக இருக்கலாம். ஒரு எலும்புக்கூட்டை எழுப்பி நிற்க வைப்பவன் மட்டும் ஏன் வில்லனாகிறான்? கருத்தரங்குகளில் கிடைத்த விடைகள் எவற்றையும்விடப் பாட்டியின் விடை தெளிவாக இருந்தது. அதை விரித்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில், எளிதாகத் தோன்றும் விடையை விலக்கிவிடுகிறேன். மரணத்தோடு தொடர்புடைய மந்திரம் கரியது, உயிரோடு தொடர்புடையது வெள்ளையது என்பதே அந்த விடை. இது நிலைக்காது என்பதற்கு அந்தப் பையன் ஆடும் விளையாட்டே சான்று. 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டிலிருந்துதான் இன்றைய மிகுபுனைவு நாவல்களும் கணினி விளையாட்டுகளும் தம் மந்திர வகைப்பாட்டைப் பெருமளவு எடுத்துக்கொண்டன. அதில் காயத்தை ஆற்றும் எளிய மந்திரம் ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டு விதிநூலில் அது நெக்ரோமான்சி வகையில் இருந்தது. உயிர், சாவு ஆகியவற்றின் ஆற்றலைக் கையாளும் எல்லாமே அந்த வகைதான் என்று அன்று எண்ணினார்கள். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் அது வரவழைக்கும் வித்தைகளோடு சேர்ந்தது. 2014இல் ஆற்றலை வெளிப்படுத்தும் வித்தைகளுக்கு மாறியது. 2024இல் காப்பு வித்தைகளுக்குப் போய்விட்டது. மந்திரம் செய்யும் வேலையோ மாறவே இல்லை. காயம் ஆறுகிறது, அவ்வளவுதான். நெக்ரோமான்சி என்ற பெயரில் கறை படியப் படிய, நல்ல வேலை செய்யும் மந்திரத்தை அந்தப் பெயரின் கீழ் வைத்திருக்க விளையாட்டு அமைப்பாளர்களுக்கு மனம் வரவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன். மரணத்தோடு உள்ள தொடர்பு கோட்டை வரையவில்லை. வேறெங்கோ வரையப்பட்ட கோட்டுக்கு ஏற்ப வகைகள் நகர்ந்திருக்கின்றன.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க மயிலாப்பூருக்குப் போவோம்.

சேக்கிழார் சொல்லும் கதை நமக்குத் தெரியும். சிவநேசர் என்னும் வணிகர் தம் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கே உரியவள் என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறார். அவள் பாம்பு தீண்டி இறக்கிறாள். எரித்த பிறகு எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காக்கிறார். சம்பந்தர் வருகிறார், குடம் கொண்டுவரப்படுகிறது, பதிகம் பாடுகிறார், குடம் உடைந்து பெண் எழுகிறாள். பொருள்களை மட்டும் பார்த்தால் இது பையன் சொன்னதேதான்: எலும்பு, சாம்பல், ஓதப்படும் சொல், எழும் உடல்.

ஆனால் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, பதிகத்தின் சொல்முறை. அது ஆணையிடவில்லை. மயிலையில் ஆண்டு முழுவதும் நடக்கும் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைக் காணாமலா போகிறாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று நீள்கிறது அந்த அழைப்பு. இறந்தவளுக்கு விருப்பம் என்று ஒன்று இருப்பதாக நம்புகிறவர்தான் அவளிடம் கேள்வி கேட்க முடியும். இரண்டு, எழுந்த பின் நடப்பது. சிவநேசர் மகளை மணந்துகொள்ளும்படி சம்பந்தரை வேண்டுகிறார். தம்மால் உயிர் பெற்றவள் தமக்கு மகள் முறை என்று சொல்லிச் சம்பந்தர் மறுக்கிறார். பெண்ணைப் பெற்றவரே உரிமையைக் கையில் கொடுக்கிறார்; எழுப்பியவரோ அதை வாங்கிக்கொள்ள மறுக்கிறார். எழுப்பியதால் வரும் உறவு உடைமையன்று என்று கதை வெளிப்படையாகச் சொல்லும் இடம் இது.

எழுந்த பின் பூம்பாவை என்ன விரும்பினாள் என்று கதையில் யாரும் அவளைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் கன்னிமாடத்தில் தங்கி வழிபாட்டிலேயே வாழ்ந்தாள் என்கிறது புராணம். கதை தன் கோட்டை முழுமையாகக் காக்கவில்லை. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பதை அது அறிந்திருக்கிறது.

இதே மறுப்பு மகாபாரதத்தின் ஆதிபருவத்திலும் வருகிறது. சுக்கிரர், கசன் கதையைச் சொல்கிறேன். உயிர்த்தெழும் படை என்பதற்கு நம் மரபில் உள்ள மிக நெருங்கிய எடுத்துக்காட்டும் அதுவே. தேவர்களும் அசுரர்களும் மூவுலக ஆட்சிக்காகப் போரிடுகிறார்கள். போரில் விழும் அசுரர்களைச் சுக்கிரர் மிருதசஞ்சீவினி வித்தையால் திரும்ப எழுப்பிவிடுகிறார். தேவகுருவுக்கு அந்த வித்தை தெரியாது. இன்றைய மிகுபுனைவு நாவலாசிரியர் கையில் இந்தத் தொடக்கம் கிடைத்தால், சுக்கிரரைக் கருநிற அங்கி அணிந்த வில்லனாகவும் தேவர்களை அந்தத் தீய வித்தையை அழிக்கப் புறப்பட்டவர்களாகவும் எழுதுவார். மகாபாரதத்தில் தேவர்கள் வித்தையைப் பழிக்கவில்லை. அதைக் கற்றுவர ஒரு மாணவனை அனுப்புகிறார்கள்.

அந்த மாணவன் கசனை அசுரர்கள் மூன்று முறை கொல்கிறார்கள். முதல் முறை வெட்டி ஓநாய்களுக்கு இடுகிறார்கள். இரண்டாம் முறை அரைத்துக் கடலில் கரைக்கிறார்கள். மூன்றாம் முறை எரித்துச் சாம்பலை மதுவில் கலந்து சுக்கிரருக்கே கொடுத்துவிடுகிறார்கள். மகள் தேவயானியின் வேண்டுகோளுக்கிணங்கி மூன்று முறையும் சுக்கிரர் அவனை அழைக்கிறார். மூன்றாம் முறைதான் நமக்கு முக்கியம். குருவின் வயிற்றுக்குள்ளிருந்து கசன் பேசுகிறான். தான் வெளிவந்தால் குரு இறப்பார் என்று தயங்குகிறான். இறந்து எரிந்து கரைந்த பிறகும் தயங்குவதற்கு அவனுக்கு ஒரு மனம் இருக்கிறது. சுக்கிரர் வித்தையை வயிற்றில் இருப்பவனுக்கே கற்பிக்கிறார். அவன் வெளிவந்து, இறந்து கிடக்கும் குருவை எழுப்புகிறான். எழுப்பியவரை எழுந்தவன் எழுப்பும் இந்தக் கட்டத்தில் எசமானன் யார், ஏவலன் யார் என்று சொல்லவே இயலாது. பின்னர் தேவயானி தன்னை மணக்கக் கேட்கும்போது, அவள் தந்தையின் வயிற்றிலிருந்து பிறந்ததால் தான் அவளுக்கு உடன்பிறந்தவன் முறை என்று கசன் மறுக்கிறான். மயிலையில் சொன்ன அதே வகை மறுப்பு.

இவ்வளவுக்கும் பிறகு சுக்கிரர் ஒரு தடையை விதிக்கிறார். அது பிணமெழுப்பும் வித்தையின் மீதா? இல்லை, மதுவின் மீது. இனி மது அருந்தும் அந்தணன் பிரமகத்திப் பாவத்துக்கு ஆளாவான் என்கிறார். கதை எதைக் கண்டு அஞ்சியது என்பது இங்கே தெரிகிறது. இறந்தவனை எழுப்பியது அதற்குக் குற்றமாகப்படவில்லை. அறிவு மழுங்கி, தான் செய்வது இன்னதென்று தெரியாமல் ஒருவர் செயல்பட்டதே குற்றமாகப்பட்டது.

அப்படியானால் நம் கதைகளில் கரிய பக்கம் எங்கே இருக்கிறது? வேதாளக் கதையில் இருக்கிறது; ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அரசனின் பெயர் திரிவிக்கிரமசேனன். தமிழில் அவனே விக்கிரமாதித்தன். சிம்சுபா மரம் நமக்கு முருங்கை மரமாகிவிட்டது. சுடுகாட்டில் தொங்கும் பிணத்தை எடுத்துவரச் சொல்லி ஒரு துறவி அரசனை அனுப்புகிறான். சோமதேவர் அந்தத் துறவிக்கு வைத்த பெயர் சாந்திசீலன், அதாவது பொறுமையே இயல்பானவன். பிணத்துக்குள் வேதாளம் இருக்கிறது. அது கதை சொல்கிறது, புதிர் போடுகிறது, அரசன் வாய் திறந்தால் மரத்துக்குத் திரும்பிவிடுகிறது.

அச்சமூட்ட வேண்டிய பொருள்கள் எல்லாம் இங்கே உண்டு: நள்ளிரவு, சுடுகாடு, பேசும் பிணம். ஆனாலும் தமிழ்க் குழந்தைகள் யாரும் வேதாளத்தை வெறுத்து வளர்ந்ததில்லை. காரணம், அதற்குச் சொந்த அறிவும் குறும்பும் நியாய உணர்வும் இருக்கின்றன. கடைசியில் உண்மையைச் சொல்லி அரசனைக் காப்பாற்றுவதும் அதுதான். துறவி வேதாளத்தைத் தன் சடங்குக்குள் கட்டி, அரசனைப் பலியாக்கி, வித்தியாதரர்களின் தலைமையைப் பெற நினைக்கிறான். வணங்கச் சொல்வான், எப்படி வணங்குவது என்று காட்டும்படி கேள் என்று வேதாளம் வழிசொல்லித் தருகிறது. குனிந்து காட்டிய துறவியின் தலையை அரசன் வெட்டுகிறான். பிணத்துக்குள் இருப்பது நல்லது. உயிரோடு இருப்பவன் தீயவன். பிறர் விருப்பத்தைத் தன் கருவியாக்க முயன்றவனே இந்தக் கதையின் கரிய மந்திரவாதி.

இப்போது பாட்டியின் சொல்லுக்குத் திரும்பலாம். கூப்பிட்டால் வருவது ஒன்று, கட்டி இழுத்து வருவது வேறொன்று. இந்த வேறுபாட்டை அந்த விளையாட்டின் விதிநூலே எழுதி வைத்திருக்கிறது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ரெய்ஸ் டெட்', 'அனிமேட் டெட்' என்ற இரண்டு மந்திரங்கள் ஒரே நெக்ரோமான்சி வகையில் இருக்கின்றன. முதலாவது இறந்தவரை உயிர்ப்பிக்கிறது. அந்த ஆன்மா திரும்பிவர விரும்ப வேண்டும், வருவதற்குச் சுதந்திரமாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இரண்டாவது, எலும்பையோ சடலத்தையோ ஏவலாளாக எழுப்புகிறது. அதில் விருப்பம் பற்றிய சொல்லே இல்லை. மாறாக, எழுந்தது இருபத்துநான்கு மணிநேரம் சொன்னபடி கேட்கும், அதற்குள் மந்திரத்தை மீண்டும் ஓதாவிட்டால் கட்டுப்பாடு போய்விடும் என்று இருக்கிறது. ஒன்றில் சம்மத விதி, மற்றொன்றில் கட்டுப்பாட்டு விதி. இரண்டாவதை அடிக்கடி கையாள்பவர்கள் தீயவர்களே என்று அதே நூல் வேறோர் இடத்தில் சொல்கிறது. முதலாவதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கோயில் பூசகர்கள்.

இந்தக் கோட்டின் தீவிர வடிவமே பிணப்படை. ஒரு போர்வீரனிடமிருந்து அரசு கேட்கக்கூடிய கடைசிப் பொருள் அவன் உயிர். அதைக் கொடுத்த பிறகு அவன் கடன் தீர்ந்துவிடுகிறது. நம் நடுகல் மரபு இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. 'பெங்களூரு' என்ற பெயரை நமக்குத் தரும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, நகரின் தென்புறத்து பேகூரில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு. அது பெங்களூருப் போரில் மாண்டவனுக்காக எழுப்பிய நடுகல். இந்நிலப்பகுதியின் நடுகற்கள் பலவற்றில் கீழே போர், நடுவே வீரனைத் தேவமகளிர் மேலே அழைத்துச் செல்வது, உச்சியில் அவன் அடைந்த உலகம் என்று அடுக்கடுக்காகச் செதுக்கியிருப்பார்கள். இறந்த வீரனுக்குப் படையல் உண்டு. மீண்டும் பணி இல்லை. போர்க்களப் பேய்களை விரிவாகப் பாடிய கலிங்கத்துப்பரணியிலும் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றனவே தவிர, அவற்றை எழுப்பி அடுத்த போருக்கு அனுப்புவதில்லை. பிணப்படை என்பது வீரனுக்கு விடுமுறை இல்லை என்று அறிவிக்கும் கற்பனை.

டோல்கீன் இதை நன்கு உணர்ந்திருந்தார். 1937இல் வந்த 'தி ஹாபிட்' நாவலில் தீய ஆற்றலுக்கு அவர் வைத்த பெயரே 'நெக்ரோமான்சர்'. ஆனால் 1955இல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' நாவலில் கதைநாயகன் அரகோர்னும் இறந்தோர் படையை நடத்துகிறான். இவன் மட்டும் எப்படிக் கறைபடாமல் தப்புகிறான்? அந்த இறந்தோர் உயிரோடு இருந்தபோது ஒரு சத்தியம் செய்து அதை முறித்தவர்கள். அதை நிறைவேற்றி விடுதலை பெற வேண்டும் என்று அவர்களே காத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அரகோர்ன் அவர்களை விடுவித்துவிடுகிறான். 2003ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் குள்ளர் இனத்து நண்பன், நெருக்கடியில் இவர்கள் உதவுவார்களே, வைத்துக்கொள்ளலாமே என்பதுபோல் முணுமுணுப்பான். அரகோர்ன் அதைக் கேட்டிருந்தால் அந்தக் கணமே அவன் நெக்ரோமான்சர் ஆகியிருப்பான். படை அதேதான், விடுவித்தல் மட்டுமே வேறுபாடு.

இதுவரை கதைகளின் அறம் சரியாகவே இருக்கிறது. என் மனக்குறை இனிமேல்தான் தொடங்குகிறது.

'ஜாம்பி' என்ற சொல் ஹைட்டியிலிருந்து வந்தது. அந்தத் தீவின் மேற்குப் பகுதி பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்து மாண்டார்கள். 1791இல் கிளர்ந்து 1804இல் விடுதலை பெற்றார்கள். அவர்களின் கதைகளில் ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை, துரத்துவதில்லை. இறந்த பிறகும் எசமானனின் வயலில் வேலை செய்யும்படி எழுப்பப்பட்ட பாவப்பட்ட ஆள் அது. அவர்கள் அஞ்சியது ஜாம்பியைக் கண்டு அல்ல, ஜாம்பி ஆகிவிடுவதைக் கண்டு. சாவுகூட அடிமைத்தனத்தை முடிக்காது என்பதே அந்த அச்சத்தின் உள்ளடக்கம்.

அமெரிக்கப் படைகள் ஹைட்டியை ஆக்கிரமித்திருந்த காலத்தில், 1929இல், வில்லியம் சீபுரூக் தம் பயணநூலில் இக்கதைகளை ஆங்கில வாசகர்களுக்குக் கொண்டுபோனார். அதில் ஒரு கதையில், கரும்பு வயலில் உழைக்கும் ஜாம்பிகளுக்கு யாரோ தெரியாமல் உப்புச் சேர்ந்த தின்பண்டம் கொடுத்துவிடுகிறார்கள். உப்புப் பட்டதும் தாங்கள் இறந்தவர்கள் என்பது அவர்களுக்கு நினைவு வருகிறது. தங்கள் கல்லறைகளை நோக்கி நடந்துபோய்விடுகிறார்கள். உப்புப் போட்டுத்தான் சோறு தின்கிறாயா என்று மானமில்லாதவனைக் கேட்கும் நமக்கு இந்தக் கதைக்கு உரை தேவையில்லை.

1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' திரைப்படத்திலும் ஜாம்பிகள் சர்க்கரை ஆலையில் உழைக்கிறார்கள், எசமானன்தான் வில்லன். 1968இல் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வந்தபோது எசமானன் காணாமல் போனான். எழுப்பியவர் யாருமில்லை, எழுந்த கூட்டம் மட்டும் இருக்கிறது, அது நம்மைத் தின்ன வருகிறது. ரொமேரோவுக்குச் சொல்ல வேறு செய்திகள் இருந்தன. அந்தப் படத்தின் முடிவு அமெரிக்க இனவெறியைத் தொடாமல் விடுவதில்லை. ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் பெரும்பாலும் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடிமையின் அச்சமாகப் பிறந்த கதை, அடிமைக் கூட்டத்தைக் கண்டு மற்றவர் அஞ்சும் கதையாகத் திரும்பிவிட்டது.

மிகுபுனைவில் பிணப்படைக்கு இன்று உள்ள முதன்மைப் பயனும் இதுவே. குற்றவுணர்வின்றிக் கொல்லத்தக்க எதிரியை அது தருகிறது. மனிதப் படையை வெட்டிச் சாய்க்கும் நாயகனைப் பற்றி வாசகனுக்குச் சிறு உறுத்தல் வரலாம். எலும்புக்கூடுகளை நொறுக்கும் நாயகனைப் பற்றி வராது. ஆனால் கதையின் சொந்தத் தர்க்கப்படி அந்த எலும்புக்கூடு யார்? விருப்பமின்றி எழுப்பப்பட்டவர், ஏவப்பட்டவர், அந்தத் தீமையின் முதல் பலியாள். முதல் பலியாளை முதல் எதிரியாக்கிவிட்டு அறத்தின் பக்கம் நிற்பதாகச் சொல்லும் நாவல்கள் என் மேசையில் நிறைய இருக்கின்றன. ஒரு படைப்பு இதில் நேர்மையாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மந்திரவாதி வீழ்ந்த பிறகு பிணப்படை என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரே வரியில் தூளாய் உதிர்ந்துவிட்டால், ஆசிரியருக்கு அவர்கள் வெறும் தளவாடம். யாராவது அவர்களைப் புதைத்தாலோ, பெயர் சொல்லி அழைத்தாலோ, அழுதாலோ, ஆசிரியர் தம் கதையைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். சம்மதம் இருந்தால் போதும் என்றால், விரும்பித் திரும்புவோரைத் தடுக்கும் கதைகள் ஏன் இருக்கின்றன? மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தின் கதை இருக்கிறது. புகாரின் சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சிய சார்ங்கலன் என்னும் இளைஞன், வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு இறக்கிறான். பார்வையற்ற கணவனுக்கும் தனக்கும் அவனே துணை என்று சொல்லித் தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் அழுகிறாள். தன் உயிரை எடுத்துக்கொண்டு அவனுக்குத் தரச் சொல்கிறாள். இங்கே யாரும் யாரையும் அடிமையாக்கவில்லை. ஆயினும் தெய்வம் மறுக்கிறது. போன உயிர் வினைவழியே வேறு பிறப்புக்குப் போய்விடும்; உயிருக்கு உயிர் ஈடாகுமென்றால் அரசர்களுக்காக உயிர் கொடுக்க எத்தனையோ பேர் இருக்க, இங்கே அரசர்களின் ஈமக்கோட்டங்கள் ஏன் இருக்கின்றன என்று கேட்கிறது. கோதமை ஏற்கவில்லை. சக்கரவாளத்துத் தேவர்கள் அனைவரும் வந்து அதையே சொன்ன பிறகே மகனை ஈமத்தில் இட்டுத் தானும் இறக்கிறாள்.

உர்சுலா லெ குவினின் 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' (1972) நாவலும் இப்பக்கமே நிற்கிறது. அதில் ஒருவன் சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே ஒரு கதவைத் திறந்துவிடுகிறான். சாகாமையை விரும்பிப் பலரும் அவன் பின்னே போகிறார்கள். அதன் விலையாக உலகில் பாட்டும் தொழிலும் மந்திரமும் வற்றிப்போகின்றன.

ஆகவே கோடுகள் இரண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஒன்று, பிறர் விருப்பத்தைப் பறிப்பது. மற்றொன்று, உலக ஒழுங்கை முறிப்பது. ஆனால் இரண்டையும் கதைகள் ஒரே குரலில் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். கோதமையை மணிமேகலை தீயவள் என்று சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து துயருறுகிறது. ஒழுங்கை மீற நினைப்பவருக்குக் கதைகள் இரக்கம் காட்டும். பிறர் விருப்பத்தைப் பறிப்பவருக்கு அந்த இரக்கம் கிடைப்பதில்லை.

இது கதைகளோடு நிற்கும் செய்தியன்று. நான் வாழும் இம்மாநிலத்தில் 2017இல் மனிதத்தன்மையற்ற தீய வழக்கங்களையும் பில்லி சூனியத்தையும் தடுக்கும் சட்டம் நிறைவேறி, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளன் என்ற முறையில் அதை ஆவலோடு படித்தேன். எது கரிய மந்திரம், எது சாதாரண வழிபாடு என்று ஒரு சட்டம் எப்படிச் சொல்லும்? பேய் உண்டா, மந்திரம் பலிக்குமா என்ற கேள்விக்குள் அது போகவில்லை. செயல்களைப் பட்டியலிடுகிறது. பேயோட்டுகிறேன் என்று ஒருவரைக் கட்டிவைத்து அடிப்பதும், தீமிதிக்கக் கட்டாயப்படுத்துவதும் அதில் வருகின்றன. வலம் வருதல், யாத்திரை, கீர்த்தனை, சோதிடம் சொல்லுதல் போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. பட்டியலில் எது இருக்க வேண்டும், எது விடுபட்டது என்று வாதிட நிறைய இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படைக் கேள்வி பாட்டியின் கேள்விக்கு மிக அருகில் இருக்கிறது: யாருடைய உடல், யாருடைய விருப்பம், யார் கட்டி இழுத்தது?

தன் விருப்பம் இழந்து வாழ்பவரைத் தமிழில் 'நடைபிணம்' என்கிறோம். மந்திரம் ஏதும் இல்லாமலே ஒருவரை அப்படி ஆக்கலாம் என்பது அந்தச் சொல்லை உண்டாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லில் வெறுப்பு இல்லை. ஒரு வருத்தமே இருக்கிறது. நம் மிகுபுனைவு எழுத்தாளர்கள் அந்த வருத்தத்தைக் கைவிடாமல் பிணப்படைகளை எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் அவன் எழுப்பப்போகும் எலும்புக்கூட்டிடம் முதலில் அதன் பெயரைக் கேட்கப்போவதாகச் சொன்னான். அது பதில் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

மாற்றுக்கருத்துகளை, குறிப்பாகக் கோதமை பற்றி நான் சொன்னதற்கு எதிரான வாசிப்புகளை, எதிர்பார்க்கிறேன்.